அலையைக் கேட்டு அசையும் தெப்பம்

கணினி அனிமேஷனில் நீரில் மிதக்கும் ஒரு கதாபாத்திரத்தை அசைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலைஞர் தம் கண்ணை நம்பி, எந்த ஃப்ரேமில் அது எவ்வளவு உயர வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கீஃப்ரேம்களைக் கையால் வைத்துக்கொண்டே போவது. இன்னொன்று, அந்த இடத்தில் அந்த நொடியில் நீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீர்ப்பரப்பிடமே கேட்டு, கிடைக்கும் விடையைக் கொண்டு கதாபாத்திரத்தை வைப்பது. குளத்தில் மெல்ல ஆடும் வாத்துக்கு முதல் வழி போதும். கடலுக்கு அது போதாது. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 10 வினாடிக் காட்சிக்கு 240 ஃப்ரேம்கள். அத்தனையிலும் ஒழுங்கில்லாமல் எழும் அலையோடு கைவேலை ஒட்டி நிற்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு இயக்குநர் அலையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னால் வைத்த கீஃப்ரேம் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாம் வழியில் அலை மாறினால் ஆட்டமும் தானே மாறிவிடும்.

இந்த இரண்டாம் வழிக்கு அடிப்படை, நீர்ப்பரப்பு ஒரு கணக்கால் ஆனது என்பதுதான். திரையில் தெரியும் கடல், புள்ளிகளால் பின்னப்பட்ட ஒரு வலை. ஒவ்வொரு புள்ளியும் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு சூத்திரம் சொல்கிறது. அதே சூத்திரத்திடம் கதாபாத்திரத்தின் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் உயரம் கிடைத்துவிடும். இதற்கு அதிகம் பயன்படும் சூத்திரம் பிராகாவில் வாழ்ந்த ஃபிரான்ஸ் யோசெப் கெர்ஸ்ட்னர் 1802இல் வெளியிட்டது. ஆழமான நீரில் அலை செல்லும்போது நீர்த்துளிகள் அலையோடு ஓடிப்போவதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றுகிறது. முகட்டில் இருக்கும்போது அலை போகும் திசையில் முன்னே செல்கிறது, அகட்டில், அதாவது பள்ளத்தில், பின்னே வருகிறது. இதனால் முகடுகள் குறுகிக் கூர்மையாகவும் பள்ளங்கள் அகன்று தட்டையாகவும் அமைகின்றன. உண்மைக் கடலின் சாயல் இதில் இருப்பதால்தான் 1986இல் ஃபோர்னியேவும் ரீவ்ஸும் இதைக் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு காட்சியை எண்களோடு எடுத்துக்கொள்வோம். நடுக்கடலில் ஒரு மரத்தெப்பம். நீளம் 2 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். அதன் மேல் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். அலைகள் தெப்பத்தின் நீளவாக்கில் வருகின்றன. பெரிய அலையின் நீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, 12 மீட்டர். வீச்சு 0.4 மீட்டர். சமநிலைக்கு மேலே அவ்வளவு, கீழே அவ்வளவு. இதன் மேல் 2 மீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் வீச்சும் கொண்ட ஒரு சிற்றலை ஓடுகிறது.

அலை எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைக் கலைஞர் விருப்பப்படி வைத்துவிடக் கூடாது. ஆழமான நீரில் அலையின் நீளமே அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 12 மீட்டர் அலை வினாடிக்குச் சுமார் 4.3 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு 2.8 வினாடி, அதாவது ஏறக்குறைய 67 ஃப்ரேம்கள் ஆகும். 2 மீட்டர் சிற்றலைக்கு 1.1 வினாடிதான். இந்த விகிதம் குலைந்தால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் கடல் ஒரு தொட்டியளவு சுருங்கிவிட்டதாகத் தோன்றும். தெப்பமும் பொம்மைத் தெப்பமாகிவிடும்.

இனி உயரம் கேட்பது. இங்கேதான் பலரும் முதலில் சறுக்குகிறார்கள். கெர்ஸ்ட்னர் சூத்திரம் புள்ளிகளை மேலும் கீழும் மட்டும் நகர்த்துவதில்லை, முன்னும் பின்னும் நகர்த்துகிறது. ஆகவே அதனிடம் ஓர் இடத்தைக் கொடுத்தால் அது சொல்லும் உயரம் அந்த இடத்துக்கு உரியதன்று. அமைதியான நீரில் அந்த இடத்திலிருந்து கிளம்பிய புள்ளி இப்போது எங்கே போயிருக்கிறதோ, அந்த இடத்தின் உயரம் அது. நம் காட்சியில் முகட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தெப்பத்தின் நடுப்பகுதி நிற்கிறது என்று வைப்போம். சிற்றலையைத் தற்போதைக்கு விட்டுவிடலாம். 3 என்ற எண்ணை அப்படியே சூத்திரத்தில் இட்டால் உயரம் 0 என்று வரும். உண்மையில் 3 மீட்டரில் அமைதி நிலையில் இருந்த புள்ளி இப்போது 2.6 மீட்டருக்கு வந்துவிட்டது. 3 மீட்டரில் இப்போது நிற்பது 3.39 மீட்டரிலிருந்து வந்த புள்ளி. அதன் உயரமோ சமநிலைக்கு 8 சென்டிமீட்டர் கீழே. தெப்பம் நீரைத் தொடாமல் 8 சென்டிமீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும்.

இதைச் சரிசெய்ய, விடையிலிருந்து கேள்வியை நோக்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். அதற்கு நேரடிச் சூத்திரம் இல்லை, ஆனால் எளிய சுற்றுமுறை ஒன்று உண்டு. முதலில் தெப்பத்தின் இடத்தையே ஊகமாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கிளம்பும் புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை ஈடுசெய்து ஊகத்தைத் திருத்த வேண்டும். திருத்திய ஊகத்தோடு மறுபடியும் அதையே செய்ய வேண்டும்.

```python
def height(x, t):
    x0 = x
    for _ in range(3):
        x0 = x + A * sin(k*x0 - w*t)
    return A * cos(k*x0 - w*t)
```

இதில் `A` என்பது வீச்சு, `k` என்பது 2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது, `w` என்பது 2π-ஐ அலையின் காலத்தால் வகுத்தது. மேலே சொன்ன இடத்தில் ஒரே சுற்றில் பிழை 8 சென்டிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டராகக் குறைகிறது. மற்ற இடங்களில் ஒவ்வொரு சுற்றும் பிழையை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக்கும். ஆகவே மூன்று சுற்று தாராளம். `k*A` என்ற பெருக்கல் நம் அலைக்கு 0.21. இது 1-ஐ நெருங்க நெருங்க அலை செங்குத்தாகி, சுற்றுகள் மெதுவாகின்றன. 1-ஐத் தாண்டினால் முகடு தன்னைத்தானே குறுக்கே வெட்டி முடிச்சாகிவிடும். அந்த நிலையில் இம்முறைக்கு விடையே கிடையாது. பல அலைகளைச் சேர்க்கும்போது அவற்றின் பெருக்கல்களைக் கூட்டிப் பார்த்து, 1-க்குக் கீழே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

துடுப்பில்லாமல் சும்மா மிதக்கும் பொருளுக்கு இந்தத் திருப்பமே வேண்டாம் என்பது பலர் கவனிக்காத ஒன்று. அதன் நடுப்புள்ளியை ஒரு நீர்த்துளியாகவே நினைத்து, அமைதி நிலை இடத்தைக் கொடுத்து, சூத்திரம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே வைத்துவிடலாம். அப்போது தெப்பம் உயர்ந்து தாழ்வதோடு முன்னும் பின்னும் 0.4 மீட்டர் ஊசலாடும். இந்த ஊசல் இல்லாமல் உயரம் மட்டும் மாறினால், தெப்பம் கண்ணுக்குத் தெரியாத கம்பத்தில் செருகப்பட்டு ஏறி இறங்குவதுபோல் இருக்கும். உண்மைக் கடலில் மிதப்பது அலையின் திசையில் மெல்ல நகரவும் செய்யும். நம் அலைக்கு அது வினாடிக்குச் சுமார் 0.19 மீட்டர், 10 வினாடிக் காட்சியில் ஏறத்தாழ 2 மீட்டர். கெர்ஸ்ட்னர் சூத்திரத்தில் இந்த நகர்வு கிடையாது. வேண்டுமானால் தனியாகச் சேர்க்க வேண்டும். நீந்துகிறவர், துடுப்புப் போடுகிறவர் போல இடத்தை வேறொன்று தீர்மானிக்கும்போது மேலே சொன்ன சுற்றுமுறை கட்டாயம்.

அடுத்தது சாய்வு. சிறிய மிதவை ஏன் அலையின் சரிவோடு ஒட்டிச் சாய்கிறது என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபிரூட் 1861இல் கப்பல்களின் உருட்டலைப் பற்றி எழுதியபோது விளக்கினார். நீர்த்துளி வட்டம் சுற்றுவதால் அதற்கு ஒரு முடுக்கம் உண்டு. அந்த முடுக்கத்தின் விளைவையும் புவியீர்ப்பையும் கூட்டினால், கிடைக்கும் இழுப்பு நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாக அமைகிறது. ஆகவே மிதக்கும் பொருளுக்குக் ‘கீழ்’ என்பது பூமியை நோக்கியதன்று, அலையின் சரிவுக்குச் செங்குத்தானது. சரிவுக்கு ஏற்பச் சாய்வதுதான் அதற்கு இயல்பான நிற்கும் நிலை.

இதைக் கேட்டவுடன், தெப்பத்தின் நடுப்புள்ளியில் பரப்பின் சரிவைக் கண்டுபிடித்து அப்படியே சாய்த்துவிடலாம் என்று தோன்றும். பந்துக்கு அது சரி. தெப்பத்துக்குச் சரியன்று. காரணத்தை நம் எண்களிலேயே பார்க்கலாம். பெரிய அலையின் உச்சச் சரிவு 12 பாகை. சிற்றலையின் வீச்சு அதில் எட்டில் ஒன்றுதான், ஆனால் நீளம் குறைவு என்பதால் அதன் சரிவு 9 பாகை. உயரத்தில் கண்ணுக்கே தெரியாத சிற்றலை, சாய்வில் பெரிய அலைக்கு இணையாகப் பேசுகிறது. ஒரே புள்ளியைக் கேட்டால் கனத்த மரத்தெப்பம் வினாடிக்கு ஒருமுறை 9 பாகை இப்படியும் அப்படியும் துடிக்கும். காகிதத்தால் செய்ததுபோல் எடையில்லாமல் தெரியும்.

சரி, இரண்டு முனைகளையும் கேட்போம் என்று அடுத்துத் தோன்றும். முன்முனையின் உயரத்திலிருந்து பின்முனையின் உயரத்தைக் கழித்து, நீளத்தால் வகுத்தால் சாய்வு. இரண்டின் சராசரி உயரம். இதில் ஒரு மறைவான கண்ணி இருக்கிறது. தெப்பத்தின் நீளமும் சிற்றலையின் நீளமும் ஒன்றே, 2 மீட்டர். சிற்றலையின் முகடு தெப்பத்தின் நடுவில் வரும்போது இரு முனைகளும் அகட்டில் இருக்கும். இரண்டும் ‘கீழே’ என்று ஒரே குரலில் சொல்லும். முகடு நடுவில் எழும் அதே நொடியில் தெப்பம் 5 சென்டிமீட்டர் இறங்கும். பலகைகளுக்கு நடுவே நீர் 10 சென்டிமீட்டர் பொத்துக்கொண்டு வரும். சாய்வோ சுழி. கேட்ட இடங்கள் குறைவாக இருந்ததால் கிடைத்த பொய் விடை இது.

தெப்பத்தை நீளவாக்கில் நான்கு சமபாகமாக்கி, ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்தால் இது தீரும். மையத்திலிருந்து 0.25 மீட்டரிலும் 0.75 மீட்டரிலும், இரு பக்கமும். இப்போது சிற்றலை எந்த நிலையில் இருந்தாலும் நான்கு உயரங்களின் சராசரியில் அதன் பங்கு சரியாகச் சுழி. இரண்டு மேலே என்றால் இரண்டு கீழே. பெரிய அலையின் பங்கோ 0.4 மீட்டரிலிருந்து 0.38 ஆகத்தான் குறைகிறது. சாய்வுக்கு இந்த நான்கு உயரங்களின் ஊடே மிக நெருங்கிச் செல்லும் நேர்கோட்டை எடுக்க வேண்டும். அப்போது சிற்றலையால் வரும் ஆட்டம் 9 பாகையிலிருந்து சுமார் 3 பாகையாகிறது. அந்த 3 பாகை இருக்கத்தான் வேண்டும். முற்றிலும் அடங்கிவிட்டால் தெப்பம் உயிரற்றுப் போகும். தெப்பத்தின் அளவே எந்த அலையை உணர வேண்டும், எதை விட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. மனிதர் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இந்த முறையின் அழகே அதுதான்.

அகலவாக்கிலும் இரண்டு வரிசைகள் வைத்தால் மொத்தம் எட்டுப் புள்ளிகள். அவற்றின் ஊடே மிக நெருங்கிச் செல்லும் தளம் நீளவாக்குச் சாய்வையும் பக்கச் சாய்வையும் ஒருசேரத் தரும். அந்தத் தளம் தெப்பத்தின் முகம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாது. அந்தத் திசையைத் தனியாகக் கொடுத்து, தளத்தின் மேல் படியவைக்க வேண்டும். இதை மறந்தால் தெப்பம் முகடுதோறும் வெடுக்கென்று சுழன்று திரும்பும். அப்படிச் சுழன்றால் குற்றம் அலையில் இல்லை, திசையைக் கணக்கிட்ட வழியில் இருக்கிறது.

துடிப்பு தெரிந்தவுடன் பலர் செய்வது வேறு. வந்த விடையை நேரத்தில் மழுப்புகிறார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெப்பம் இருக்கும் இடத்திலிருந்து இருக்க வேண்டிய இடத்தை நோக்கிக் கொஞ்சம் மட்டும் நகரவிடுவது அந்த வழி. ஆட்டம் மென்மையாகிவிடும், ஆனால் தாமதம் வந்துவிடும். மழுப்பலின் கால அளவு 0.15 வினாடி என்று சிறிதாகவே வைத்தாலும், நம் பெரிய அலையில் தெப்பம் நீருக்கு அதே அளவு பின்தங்குகிறது. அலை வேகமாக ஏறும்போது அந்தப் பின்தங்கலுக்கு விலை 13 சென்டிமீட்டர். ஏறும் சரிவில் தெப்பம் மூழ்கும், இறங்கும் சரிவில் மேலே தொங்கும். ஆகவே அடக்க வேண்டியதை இடத்தில், அதாவது பல புள்ளிகளின் சராசரியில், அடக்குவதே சரி. சாய்வுக்குக் கொஞ்சம் கால மழுப்பல் தாங்கும், ஏனென்றால் ஓரிரு பாகைப் பிழையைக் கண் மன்னித்துவிடும். உயரத்துக்குத் தாங்காது. நீர்க்கோடு பலகையில் எங்கே தொடுகிறது என்பதைக் கண் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதே போன்ற ஒரு பிழை கடிகாரத்திலிருந்தும் வரும். நீர்ப்பரப்பு ஒரு நேரத்தையும் தெப்பம் வேறொரு நேரத்தையும் கொண்டு கணக்கிட்டால் இரண்டும் ஒட்டாது. நம் அலை மேலும் கீழும் நகரும் உச்ச வேகம் வினாடிக்கு 0.9 மீட்டர். 24 ஃப்ரேம் படத்தில் ஒரே ஒரு ஃப்ரேம் பின்தங்கினால் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் விலகல். விளையாட்டுகளில் இது அடிக்கடி நேர்கிறது. அங்கே அலையை வரைவது வரைகலைச் சில்லு, தெப்பத்தை நகர்த்துவது மையச் செயலி. இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்காவிட்டால் விலகல் நிச்சயம். பிழை எது என்று பிரித்தறிய நல்ல வழி, எட்டுப் புள்ளிகளிலும் ஒரு சிறு உருண்டையைக் காணும்படி வைத்து, தெப்பத்தை மறைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. அலை நகராமல் உறைந்திருக்கும்போது உருண்டைகள் நீரில் பாதி மூழ்கி நின்று, ஓடும்போது மட்டும் விலகினால் கடிகாரத்தில் கோளாறு. உறைந்த நிலையிலேயே சரிவுகளில் விலகியிருந்தால், சுற்றுமுறை விட்டுப்போயிருக்கிறது. உருண்டைகள் ஒட்டி ஓடியும் தெப்பம் சரியில்லை என்றால் சராசரியிலோ மழுப்பலிலோ தேட வேண்டும்.

தெப்பம் சரியான பிறகு சிறுமி. அவள் உட்கார்ந்திருக்கும் இடுப்பு தெப்பத்தோடு முழுதாகச் சாயும். ஃபிரூட் சொன்ன கணக்குப்படி அவள் உணரும் ‘கீழ்’ பலகைக்குச் செங்குத்தாகவே இருப்பதால், அவளுடைய தொங்கும் பின்னலும் கழுத்து மணியும் பூமியை நோக்கி நேராகத் தொங்காமல் பெரும்பாலும் பலகைக்குச் செங்குத்தாகவே தொங்க வேண்டும். துணிக்கும் கூந்தலுக்கும் தனிக் கணக்கு ஓட்டும் மென்பொருளில், தெப்பம் முன்னும் பின்னும் ஊசலாடுவதையும் சேர்த்திருந்தால் இது தானாகவே வந்துவிடும். உயரம் மட்டும் மாறும் தெப்பத்தில் வராது. தலை மட்டும் வேறு. மனிதர் பார்வையை அடிவானத்தில் நிறுத்த முயல்வதால் முதுகும் கழுத்தும் சாய்வில் ஒரு பகுதியை எதிர்த்திசையில் ஈடுசெய்கின்றன. தெப்பத்தின் சாய்வையே எடுத்து, எதிர்க்குறியோடு, முதுகுக்குச் சிறு பங்கும் கழுத்துக்குக் கொஞ்சம் பெரிய பங்கும் கொடுத்தால் அவள் கடலில் பழகியவளாகத் தெரிவாள். பங்கைக் குறைத்து, சில ஃப்ரேம்கள் தாமதப்படுத்தினால் முதன்முறையாகக் கடலுக்கு வந்தவளாகத் தெரிவாள். கைக் கீஃப்ரேம்களுக்கு இந்த இடத்தில்தான் வேலை மிஞ்சுகிறது. அவள் திரும்புவது, கையை உயர்த்துவது எல்லாம் இந்த ஆட்டத்தின் மேல் தனி அடுக்காகச் சேரும்.

இம்முறையின் எல்லைகளும் தெளிவானவை. பெரிய திரைப்படக் கடல்கள் ஒன்றிரண்டு அலைகளால் ஆனவை அல்ல. ‘வாட்டர்வேர்ல்ட்’, ‘டைட்டானிக்’ படங்களில் பயன்பட்டதும் ஜெரி டெசென்டார்ஃப் விளக்கி எழுதியதுமான முறையில் ஆயிரக்கணக்கான அலைகள் ஒரே கணக்கில் கூட்டப்பட்டு, விலகல்களின் ஒரு கட்ட வரைபடமாகக் கிடைக்கும். அங்கே சூத்திரத்தைக் கேட்பதற்குப் பதில் வரைபடத்தின் கட்டங்களுக்கு இடையே உயரத்தைப் படிக்க வேண்டும். பின்னோக்கிப் போகும் சுற்றுமுறை அப்படியே பொருந்தும். விளையாட்டுகளில் அந்த வரைபடம் வரைகலைச் சில்லிலிருந்து திரும்பி வர சில ஃப்ரேம்கள் ஆகலாம் என்பதால், கடிகாரப் பிழை வேறு வடிவில் தலைகாட்டும்.

தெப்பம் நீரைக் கேட்கிறதே தவிர, நீர் தெப்பத்தைக் கேட்பதில்லை. சிறுமி குதித்தாலும் பலகையைச் சுற்றி ஒரு வளையம்கூட எழாது. அந்தத் தெறிப்பையும் நுரையையும் தனியாகச் சேர்க்க வேண்டும். குழிந்த படகாக இருந்தால் உள்ளே தெரியும் நீர்ப்பரப்பையும் வெட்டி மறைக்க வேண்டும். கரையை நெருங்கிச் சுருண்டு விழும் அலையில் முறையே முறிந்துவிடும். சுருளின் கீழே ஓர் இடத்திலிருந்து மேல்நோக்கிக் கோடு இழுத்தால் அது நீரை மூன்று முறை தொடும். எந்த உயரம் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லாத அந்தச் சில வினாடிகளுக்குத் திரவத்தை முழுதாகக் கணக்கிடும் மென்பொருளோ கைக் கீஃப்ரேம்களோதான் வேண்டும்.